சுயவிபரக் கோவையின் குறிப்பு வரிகளை முகப்புக் கடிதத்தின் பந்திகளாக எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.வி.யில் எல்லாம் இருக்கிறதே. அதையே கடிதத்திலும் எழுதினால் ஒன்றையே இரண்டு தரம் சொன்னதாகாதா?

வரிகளை வரிசை மாறாமல் இறக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வினைமுற்றைச் சேர்த்தால் அப்படித்தான் ஆகும். கோவை சொல்வது "என்னென்ன செய்தேன்" என்பதை. கடிதம் சொல்ல வேண்டியது, அவற்றுள் இந்த வெற்றிடத்துக்குப் பொருந்தும் இரண்டு மூன்றை எப்படிச் செய்தேன், எந்தச் சூழலில் செய்தேன் என்பதை. விபரம் ஒன்றேதான், கடிதத்தில் அதன் பின்னணியும் தொடர்பும் தெரிகின்றன.

சிக்கல் தொடங்குவதும் இந்தத் தொடர்பில்தான். குறிப்பு வரிகள் தனித்தனியே நிற்பவை. அவற்றை ஒரு பந்தியாக இணைக்க "இதனால்", "அத்துடன்", "இதன் விளைவாக" போன்ற சொற்கள் தேவைப்படுகின்றன. கோவையில் இல்லாத ஒரு காரண காரியத் தொடர்பு அந்தச் சொற்களோடு சேர்ந்து கடிதத்துக்குள் வந்துவிடுகிறது. பொய் சொல்லும் எண்ணம் சிறிதுமில்லாதவர்களின் கடிதங்களிலும் உண்மை பிசகுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

என்னிடம் பன்னிரண்டு, பதின்மூன்று வரிகள் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது?

வெற்றிட அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு தெரிவு செய்யுங்கள். அறிவித்தல் கேட்கும் வேலைகளில் நீங்கள் உண்மையாகவே செய்தவற்றை மட்டும் எடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவை கோவையிலேயே இருக்கட்டும். ஒரு வரியைக் கடிதத்தில் சேர்க்காமல் விடுவது விபரத்தை மாற்றுவதாகாது. ஆனால் ஒரு வரியில் பாதியை மட்டும் எடுப்பது சில வேளைகளில் மாற்றுவதாகிவிடும். "கணக்காளரின் மேற்பார்வையில்" என்று கோவையில் இருந்தால், அந்தப் பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் கடிதத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

சி.வி.யில் "தயாரித்தல்", "பேணுதல்" என்று எழுதியிருக்கிறேன். கடிதத்தில் "தயாரித்தேன்", "பேணினேன்" என்று மாற்றினால் போதுமா?

பல இடங்களில் போதாது. "தயாரித்தல்" என்ற வடிவத்தில் யார் செய்தார் என்பதும் எப்போது செய்தார் என்பதும் இல்லை. வாக்கியமாக்கும்போது இரண்டையும் நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். தயாரித்தேன், தயாரித்து வந்தேன், தயாரித்தோம், தயாரிப்பதில் உதவினேன், தயாரித்துச் சரிபார்ப்புக்குக் கொடுத்தேன் என்ற ஐந்தும் ஐந்து வெவ்வேறு கூற்றுகள். கோவையில் அந்த ஒரே சொல் ஐந்துக்கும் இடம் கொடுத்திருந்தது. கடிதத்தில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

தீர்மானிக்க ஓர் எளிய வழி உண்டு. அந்த ஆவணம் உங்கள் மேசையிலிருந்து யாருடைய மேசைக்குப் போனது, இறுதியில் அதில் கையொப்பமிட்டவர் யார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக் கொடுப்பனவை எடுத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியலிலிருந்து ஊழியரின் 8 சதவீதத்தையும் தொழில்தருநரின் 12 சதவீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதத்தையும் ஒவ்வொரு ஊழியருக்கும் நீங்கள் கணித்தீர்கள். கணக்காளர் சரிபார்த்துப் பணத்தைச் செலுத்தினார். இங்கே "சேமலாப நிதிக் கொடுப்பனவுகளைக் கையாண்டேன்" என்பது மிகை. "உதவினேன்" என்பது உண்மையானாலும் மங்கலானது. "மாதந்தோறும் கணித்து, கணக்காளரின் சரிபார்ப்புக்குச் சமர்ப்பித்தேன்" என்பதே நடந்தது. வாசிப்பவருக்கும் இதுவே கூடிய தகவலைத் தருகிறது. கணிக்கும் முறை உங்களுக்குத் தெரியும் என்பது அதிலிருந்தே விளங்குகிறது.

"தயாரிக்கப்பட்டது" என்ற செயப்பாட்டு வினையில் ஒதுங்கிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் செய்தவர் மறைந்துவிடுகிறார். கடிதத்தை எழுதியவர் நீங்கள் என்பதால் வாசிப்பவர் அந்த வேலையை உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்வார்.

ஓர் உதாரணத்தோடு காட்ட முடியுமா? வரிகளிலிருந்து பந்தி எப்படி உருவாகிறது?

விளக்கத்துக்காக அமைத்த ஒரு கோவையிலிருந்து நான்கு வரிகளை எடுப்போம். விண்ணப்பதாரி புறக்கோட்டையில் ஒரு புடவை இறக்குமதி நிறுவனத்தில் 2021 மார்ச் முதல் 2024 யூன் வரை கணக்கு உதவியாளராக இருந்தவர்.

- இரண்டு நடைமுறைக் கணக்குகளுக்கு மாதாந்த வங்கி இணக்கக் கூற்றுத் தயாரித்தல்
- 18 ஊழியர்களின் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிக் கொடுப்பனவு விபரங்களைத் தயாரிப்பதில் கணக்காளருக்கு உதவுதல்
- கையால் எழுதும் கணக்கேடுகளிலிருந்து கணக்கியல் மென்பொருளுக்கு மாறும் பணியில் பங்கேற்பு (2022)
- 90 நாள் கடந்த வாடிக்கையாளர் நிலுவை 42 இலட்சம் ரூபாவிலிருந்து 27 இலட்சமாகக் குறைவு (2023 சனவரி – டிசம்பர்)

இப்போது அவர் விண்ணப்பிக்கும் பதவி கணக்கு உத்தியோகத்தர். அறிவித்தல் வங்கி இணக்கத்திலும் நிலுவை அறவீட்டிலும் அனுபவம் கேட்கிறது. முதல் முயற்சியில் பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

"மூன்றரை வருடங்களாக ஒரு முன்னணிப் புடவை இறக்குமதி நிறுவனத்தின் கணக்குகளை முழுமையாகக் கையாண்டு வருகிறேன். நிறுவனத்தின் எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் இணக்கக் கூற்றுத் தயாரித்ததுடன், கணக்கியல் மென்பொருளையும் அறிமுகப்படுத்தினேன். இதன் விளைவாக நிலுவைகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன."

வாசிக்க ஓட்டமாக இருக்கிறது. ஆனால் கோவையோடு ஒப்பிட்டால் ஒரு வாக்கியமேனும் தப்பவில்லை. 2021 மார்ச்சிலிருந்து 2024 யூன் முடிவு வரை மூன்று வருடங்களும் நான்கு மாதங்களும், மூன்றரை அல்ல. "வருகிறேன்" என்பது அவர் இன்னும் அங்கே வேலை செய்வதாகச் சொல்கிறது. "முன்னணி" என்பதும் "முழுமையாக" என்பதும் கோவையில் எங்குமில்லை. இரண்டு நடைமுறைக் கணக்குகள் "எல்லா வங்கிக் கணக்குகளும்" ஆகிவிட்டன. நிறுவனத்துக்கு ஒரு சேமிப்புக் கணக்கோ வெளிநாட்டு நாணயக் கணக்கோ இருந்திருக்கலாம். பங்கேற்றவர் அறிமுகப்படுத்தியவராகிவிட்டார்.

கடைசி வாக்கியத்தில் மட்டும் மூன்று பிசகுகள் இருக்கின்றன. 42 இலட்சத்தில் 15 இலட்சம்தான் குறைந்திருக்கிறது. அது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலேயன்றி அரைவாசிக்குக் கிட்டவும் இல்லை. 90 நாள் கடந்த நிலுவை மட்டுமே குறைந்திருக்கிறது. "நிலுவைகள்" என்று பொதுவாகச் சொன்னால் நிறுவனத்துக்கு வரவேண்டிய பணம் முழுவதும் என்று பொருள்படும். "இதன் விளைவாக" என்ற சொல்லோ, மென்பொருள் வந்ததனால்தான் நிலுவை குறைந்தது என்ற புதிய செய்தியை உண்டாக்குகிறது. மென்பொருள் 2022இல் வந்தது, நிலுவை 2023இல் குறைந்தது என்பதற்கு அப்பால் அவ்விரண்டையும் இணைக்கும் எதுவும் கோவையில் இல்லை.

இதைத் திருத்துமுன் விண்ணப்பதாரியிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: நிலுவை குறைந்த அந்த ஆண்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர் சொல்லும் பதில் இது என்று வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு திங்கட்கிழமையும் 90 நாள் கடந்த நிலுவைகளைப் பட்டியலிட்டு, அந்த வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். அதே ஆண்டில், பிந்திச் செலுத்துவோருக்குக் கடனுக்கு விற்பதை முகாமையாளர் நிறுத்தினார். இரண்டில் எது நிலுவையைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் அருகருகே வைப்பதே நேர்மையான வழி:

"2021 மார்ச் முதல் 2024 யூன் வரை புறக்கோட்டையிலுள்ள ஒரு புடவை இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு உதவியாளராகப் பணியாற்றினேன். அங்கே இரண்டு நடைமுறைக் கணக்குகளுக்கு மாதந்தோறும் வங்கி இணக்கக் கூற்றுத் தயாரித்து வந்தேன். 2023ஆம் ஆண்டில், 90 நாள் கடந்த வாடிக்கையாளர் நிலுவைகளை வாரந்தோறும் பட்டியலிட்டு, உரியவர்களைத் தொலைபேசியில் தொடர்புகொண்டேன். பிந்திச் செலுத்துவோருக்குக் கடன் விற்பனையை நிறுத்தும் முடிவையும் எமது முகாமையாளர் அதே ஆண்டில் நடைமுறைப்படுத்தினார். அவ்வாண்டின் தொடக்கத்தில் 42 இலட்சம் ரூபாவாக இருந்த அந்த நிலுவை, டிசம்பர் முடிவில் 27 இலட்சமாகக் குறைந்திருந்தது."

மென்பொருள் பற்றிய வரியும் சேமலாப நிதி வரியும் இதில் இல்லை. அறிவித்தல் அவற்றைக் கேட்கவில்லை. முகாமையாளரின் முடிவைக் குறிப்பிட்டதால் விண்ணப்பதாரியின் பங்கு சிறுத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நிலுவை அறவீட்டில் பழகிய எவருக்கும் ஓர் உதவியாளரின் தொலைபேசி அழைப்புகள் மட்டும் 15 இலட்சத்தைக் கொண்டுவருவது எவ்வளவு அரிது என்று தெரியும். அந்த முடிவை மறைத்த கடிதம்தான் வாசிப்பவருக்கு ஐயத்தைத் தரும்.

சி.வி.யில் இல்லாத விபரம் கடிதத்தில் வரலாமா? மேலே வாரப் பட்டியலும் தொலைபேசியும் கோவையில் இல்லையே?

ஏற்கெனவே சொன்ன ஒரு வேலையை எவ்வாறு செய்தீர்கள் என்று விரிப்பதாக இருந்தால் வரலாம். அது உண்மையாகவும், உங்கள் முன்னாள் மேலாளரிடம் கேட்டால் அவரும் ஒப்புக்கொள்ளக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு புதிய பொறுப்பு, புதிய எண், புதிய திகதி, புதிய தகைமை ஆகியவற்றில் எதுவும் கடிதத்தில் முதன்முதலாகத் தோன்றக் கூடாது. அப்படி ஒன்று உண்மையாகவே இருந்தால் முதலில் கோவையில் ஒரு வரியாக ஏற்றுங்கள். பிறகு கடிதத்துக்கு எடுங்கள். மேலுள்ள உதாரணத்தில் நான்காவது வரியை "வாராந்தப் பட்டியலும் தொலைபேசித் தொடர்பும்" என்று சற்று விரித்து எழுதுவது இன்னும் நல்லது. நேர்முகப் பரீட்சையில் இரண்டு தாள்களும் ஒரே மேசையில் இருக்கும்.

இங்கே நம் நாட்டுக் கோவைகளுக்கே உரிய ஒரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். எமது கோவைகளின் இறுதியில் "மேற்கூறிய விபரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மையும் சரியுமானவை" என்ற உறுதியுரையை எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். முகப்புக் கடிதத்தில் அந்த உறுதியுரை இல்லை. ஆயினும் கடிதம் சொல்வது ஒன்றாகவும் கோவை சொல்வது வேறொன்றாகவும் இருந்தால், கையொப்பமிட்ட தாளையே வாசிப்பவர் சந்தேகிக்கத் தொடங்குவார்.

எண்களை முழுமைப்படுத்தலாமா? 18 பேரை "சுமார் 20 பேர்" என்று எழுதினால் என்ன?

எழுத வேண்டாம். கோவையில் 18 என்று இருக்கும்போது கடிதத்தில் 20 என்று இருந்தால், "சுமார்" என்ற சொல்லை எவரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு எண்கள் பொருந்தவில்லை என்பதே கண்ணில் படும். எண்ணைச் சொல்லாமல் விட விரும்பினால் "நிறுவனத்தின் ஊழியர்களுக்கு" என்று எழுதுங்கள். "பல", "ஏராளமான", "பெருமளவு" ஆகிய சொற்கள் எண்ணின் இடத்தை நிரப்பும்போது அளவு எப்போதும் மேல்நோக்கியே நகர்கிறது.

பழைய நிறுவனத்தின் ரூபாக் கணக்கை வெளியே சொல்வது சரியா?

அந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இரகசியம் பேணும் வாசகம் இருந்தால் சரியல்ல. அப்படியொரு வாசகம் இல்லாவிட்டாலும், நிறுவனத்தின் பெயரையும் நிலுவைத் தொகையையும் சேர்த்து வெளியிடத் தயங்குவது நியாயமானதே. தொகையை விகிதமாக்கினால் உண்மை கெடாது: "90 நாள் கடந்த நிலுவை ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது." இம்மாற்றத்தைக் கோவையிலும் செய்துவிடுங்கள்.

எல்லோரும் சேர்ந்து செய்த வேலையை எப்படி எழுதுவது? "நாங்கள்" என்று எழுதினால் என் பங்கு தெரியாது. "நான்" என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். முதலாவது குழு செய்தது. இரண்டாவது அதற்குள் நீங்கள் செய்தது. மென்பொருள் மாற்றத்தை உதாரணமாகக் கொண்டால்: "2022இல் எமது கணக்குப் பிரிவு கையால் எழுதும் கணக்கேடுகளிலிருந்து கணக்கியல் மென்பொருளுக்கு மாறியது. அப்பணியில் வாடிக்கையாளர்களின் ஆரம்ப மீதிகளைப் பதிவுசெய்து, பழைய பேரேட்டோடு ஒப்பிடும் பகுதியை நான் செய்தேன்." இரண்டாவது வாக்கியம் உங்களுக்கு வரவில்லையென்றால், "பங்கேற்பு" என்று நீங்கள் எழுதிய வரியின் பின்னால் சொல்லத்தக்க வேலை எதுவும் இல்லை என்று கொள்ளலாம். அவ்வரியைக் கடிதத்துக்கு எடுக்காதீர்கள்.

ஏ.ஏ.டி. கணக்கியல் இறுதிப் பரீட்சை எழுதிவிட்டேன், பெறுபேறு இன்னும் வரவில்லை. கடிதத்தில் எப்படிச் சொல்வது?

"மூன்றாம் நிலைப் பரீட்சைக்குத் தோற்றிப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கிறேன்." அவ்வளவுதான். கோவையில் "பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது" என்று அடைப்புக்குறிக்குள் ஒழுங்காக எழுதுபவர்கள், கடிதத்தில் வாக்கியம் நீள்கிறதே என்று "ஏ.ஏ.டி. முடித்த நான்" எனத் தொடங்கிவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பவைதான் பந்தியாக்கும்போது முதலில் உதிர்ந்துபோகின்றன. ஆகவே கோவையில் அடைப்புக்குறிகளுக்குள் உள்ள எல்லாவற்றையும் முன்கூட்டியே தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் சித்தியடைந்ததும் அங்கத்துவம் பெற்றதும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பட்டப்படிப்புக்கும் இதே விதி: இறுதியாண்டு மாணவர் பட்டதாரி அல்லர்.

வேலைகளுக்கு இடையில் எட்டு மாத இடைவெளி இருக்கிறது. கடிதத்தில் அதை விளக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் பந்தியின் ஓட்டம் அதை மூடிவிடக் கூடாது. "அங்கிருந்து விலகியதும் அடுத்த நிறுவனத்தில் இணைந்தேன்" என்பது எட்டு மாதங்களை அழித்துவிடுகிறது. "2022 ஒக்டோபரில் அடுத்த நிறுவனத்தில் இணைந்தேன்" என்று திகதியோடு எழுதினால் போதும்.

கொழும்பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. தமிழில் யோசித்து எழுதுவதால் என்ன பயன்?

ஆங்கிலக் கோவைகளின் வரிகளும் எழுவாய் இல்லாமலே தொடங்குகின்றன. எனவே மேலே சொன்ன சிக்கல் அங்கேயும் அப்படியே இருக்கிறது. அதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களின் வாக்கியங்கள் ஆங்கிலத்தில் ஆயத்தமாகக் கிடைப்பதால், "அசிஸ்டட்" என்று கோவையில் எழுதியவர் கடிதத்தில் "மனேஜ்ட்" என்றும் "ஸ்பியர்ஹெடட்" என்றும் எழுதிவிடுகிறார். முதலில் நடந்ததைத் தமிழில், வீட்டில் அண்ணாவிடமோ அக்காவிடமோ சொல்வதுபோல ஒரு தாளில் எழுதுங்கள்: யார் செய்தது, எதை, எத்தனை, எப்போது, பிறகு என்ன நடந்தது. அந்தத் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதும்போது, மாதிரிக் கடிதத்தின் சொல் பெரிதா சிறிதா என்பது உடனே தெரிந்துவிடும்.

எழுதி முடித்துவிட்டேன். எந்த விபரமும் மாறவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

எதிர்த்திசையில் போங்கள். கோவையை மூடிவைத்துவிட்டு, கடிதத்தின் பந்திகளை மட்டும் வாசித்து அவற்றிலிருந்து குறிப்பு வரிகளை மீண்டும் எழுதுங்கள். இதை உங்களை அறியாத ஒருவர் செய்தால் இன்னும் நல்லது. நீங்கள் உங்கள் எண்ணத்தை வாசிப்பீர்கள், அவர் எழுத்தில் இருப்பதை மட்டும் வாசிப்பார். பிறகு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் உதாரணத்தின் பிழையான பந்தியை இப்படிச் சோதித்தால், "மென்பொருள் அறிமுகத்தின் மூலம் நிலுவையை 50 சதவீதத்தால் குறைத்தல்" என்றொரு வரி வந்து நிற்கும். அதைக் கண்டதும் பிழை எங்கே என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதன் பின்னர் கடிதத்தை ஒரு முறை பேனாவோடு வாசித்து, எண்கள், திகதிகள், வினைமுற்றுகள், "எல்லா", "முழு", "மட்டும்" போன்ற அளவுச் சொற்கள், "ஆகவே", "இதனால்" போன்ற இணைப்புச் சொற்கள் ஆகியவற்றின் கீழ் கோடிடுங்கள். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் கோவையில் ஆதாரமான வரி ஒன்று இருக்க வேண்டும். இணைப்புச் சொல்லுக்கு மட்டும் ஆதாரம் கிடைக்காவிட்டால், அதை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள். பந்தி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும்.